காலை 5.45... வால்யூம் 3... அம்மா வீட்டில் தானாகப் பாடும் ஸ்பீக்கர்!

கோவையில் இருக்கும் வாசகி ஒருவர் போன மாதம் நம் டெஸ்க்குக்கு போன் செய்திருந்தார். அம்மா மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறார். வயது 72. அப்பா இருந்தவரை விடியற்காலையில் எழுந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, கூடத்து டேப் ரெக்கார்டரில் சுப்ரபாதம் போடுவதுதான். அம்மா அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லையாம். அப்பா போன பிறகு, ``காலையில வீடே ஊமையா இருக்குடி'' என்று அம்மா ஒரு நாள் சொல்ல, மகள் ஒரு எக்கோ டாட் ஸ்பீக்கர் வாங்கிக் கொண்டுபோய் வைத்து, தினமும் காலை 5.45-க்குப் பாட்டு தானாக வரும்படி செய்துவிட்டு வந்திருக்கிறார்.

இரண்டு வாரம் நன்றாக ஓடியது. கோடை விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் ஒரு நாள் இரவு ஸ்பீக்கரில் சினிமா பாட்டு போட்டு ஆடியிருக்கிறார்கள். மறுநாள் 5.45-க்கு வழக்கம்போல சுப்ரபாதம் வந்தது. ஆனால், தெருவே எழுந்துகொள்ளும் சத்தத்தில். தூக்கத்தில் இருந்து பதறி எழுந்த அம்மாவுக்குப் படபடப்பு அடங்கவே அரை மணி நேரம் ஆகியிருக்கிறது. நேராகப் போய் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டார். ``இனிமே அந்தச் சனியன் வேண்டாம்ங்கிறாங்க தம்பி. நான் என்ன தப்பா செட் பண்ணினேன்?'' என்பதுதான் வாசகியின் கேள்வி.

அவர் செட் செய்ததில் தவறாக எதுவும் இல்லை. ஒன்றைச் செட் செய்யாமல் விட்டிருந்தார், அவ்வளவுதான். நேரம் சொன்னார், பாட்டைச் சொன்னார். வால்யூமைச் சொல்லவில்லை.

இதில் பலருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. முதல் நாள் மெதுவாகப் பாடிய பாட்டு, மறுநாளும் மெதுவாகத்தான் பாடும் என்று நினைக்கிறோம். வால்யூம் என்பது பாட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் விஷயம் இல்லை. அது ஸ்பீக்கரின் நிலை. கடைசியாக யார் எந்த அளவில் வைத்தார்களோ, அந்த அளவிலேயே அது இருக்கும். ராத்திரி பேரன் 9-ல் வைத்துவிட்டுத் தூங்கப்போனால், காலையில் எம்.எஸ். அம்மாவும் 9-ல்தான் பாடுவார். ஆகவே பாட்டு தொடங்குவதற்கு முன்பே, `முதலில் வால்யூமை 3-க்குக் கொண்டுவா, பிறகு பாட்டைப் போடு' என்று ஸ்பீக்கருக்குத் தினமும் சொல்லவேண்டியிருக்கிறது. அதை நமக்குப் பதிலாகத் தினமும் சொல்லும் ஏற்பாட்டுக்குப் பெயர்தான் ரொட்டீன்.

வாசகியோடு போனில் பேசியபடியே புதிதாக ஒன்றை உருவாக்கினோம். நீங்களும் அப்படியே செய்யலாம். மயிலாடுதுறைக்குப் போகவேண்டிய அவசியம்கூட இல்லை. அம்மா வீட்டு ஸ்பீக்கர் எந்த அமேசான் கணக்கில் இணைந்திருக்கிறதோ, அதே கணக்கு உங்கள் போனில் இருந்தால் கோவையில் உட்கார்ந்தே எல்லாம் செய்யலாம்.

அலெக்ஸா ஆப்பைத் திறந்து, கீழே இருக்கும் More என்பதைத் தொட்டால் Routines என்று ஒன்று இருக்கும். அதற்குள் போய் + குறியைத் தொடுங்கள். முதலில் பெயர் கேட்கும். எதை வேண்டுமானாலும் வைக்கலாம், இவர் `Amma Morning' என்று வைத்தார். அடுத்து, இது எப்போது நடக்கவேண்டும் என்று கேட்கும் இடத்தில் Schedule என்பதைத் தேர்ந்தெடுத்து, At Time-க்குள் போய் 5.45 AM என்று வைத்து, ஏழு நாள்களையும் தேர்வு செய்யுங்கள். AM, PM-ஐ ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். (ஆப் அப்டேட் ஆகும்போது இந்தப் பெயர்கள் கொஞ்சம் மாறலாம். நேரம், செயல், எந்த ஸ்பீக்கர் என்ற மூன்று கேள்விகள் மாறாது.)

இப்போது செயல்கள். இங்கேதான் வரிசை முக்கியம். முதல் செயலாக Device Settings பகுதிக்குள் போய் Volume-ஐ எடுத்து 3 என்று வையுங்கள். அதன்பிறகு இரண்டாவது செயலாக Music & Podcasts-க்குள் போய் ப்ளேலிஸ்ட்டின் பெயரை டைப் செய்து, அது எந்த மியூசிக் ஆப்பில் இருக்கிறது என்பதையும் தேர்வு செய்யுங்கள். பாட்டு எப்போதும் கடைசிச் செயலாகத்தான் இருக்கவேண்டும். பாட்டு ஆரம்பித்த பிறகு வால்யூம் குறைந்து என்ன பயன்? முதல் இரண்டு விநாடி அலறல் போதும், அம்மா மறுபடி ப்ளக்கைத் தேடிப்போக.

கடைசியாக, எந்த ஸ்பீக்கரில் இது நடக்கவேண்டும் என்று கேட்கும். வாசகியின் கணக்கில் இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. கோவை வீட்டில் ஒன்று, மயிலாடுதுறையில் ஒன்று. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர். இங்கே கை தவறினால் விடியற்காலை 5.45-க்குக் கோவையில் மருமகன் பதறி எழுவார். முதல் வேலையாக ஸ்பீக்கர்களின் பெயரை `Amma Hall', `Kovai Hall' என்று மாற்றச் சொன்னேன். பிறகு Save.

சேமித்ததும் அடுத்த நாள் காலைவரை காத்திருக்கவேண்டாம். ஒரு நிமிடம் விட்டு, ரொட்டீன் பட்டியலில் அதன் பக்கத்தில் இருக்கும் ப்ளே குறியைத் தொட்டால் உடனே ஓடிக்காட்டும். ஆனால், சோதனையைச் சும்மா செய்தால் பயன் இல்லை. ஸ்பீக்கர் ஏற்கெனவே 3-ல் இருந்தால், ரொட்டீன் வேலை செய்ததா, பழைய வால்யூமே நின்றதா என்று தெரியாது. அதனால் பகல் நேரத்தில், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஆப் மூலம் வால்யூமை 7-க்கு ஏற்றினோம். பிறகு ரொட்டீனை ஓடவிட்டோம். அம்மா போனிலேயே சொன்னார்: ``இப்ப சரியா இருக்கு. அப்பா வைக்கிற மாதிரியே இருக்கு.'' 7-ல் இருந்ததை அது 3-க்கு இறக்கிவிட்டுத்தான் பாடத் தொடங்கியது என்பது இப்போது உறுதி.

அந்த 3 என்ற எண்ணை எப்படி முடிவு செய்தோம் என்றும் சொல்லிவிடுகிறேன். எக்கோவில் வால்யூம் 1 முதல் 10 வரை. பகல் 11 மணிக்கு வைத்துப் பார்த்தபோது அம்மா 5 வேண்டும் என்றார். தெருவில் பஸ் போகிறது, குக்கர் விசில் அடிக்கிறது, அப்போது 5 சரிதான். விடியற்காலையில் அதே 5 அதட்டலாகக் கேட்கும். எனவே இரவு படுக்கப்போகும் நேரத்தில், வீடு அடங்கிய பிறகு, அம்மா படுக்கும் இடத்தில் இருந்தபடி, மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டுப் பார்க்கச் சொன்னோம். 2 காதில் விழவில்லை, 4 அதிகம், 3 சரி. மின்விசிறியை ஏன் சொல்கிறேன் என்றால், மே மாதம் அது முழு வேகத்தில் சுற்றும், மார்கழியில் சுற்றாது. கோடையில் 3 வைத்தவர்கள் மார்கழியில் 2-க்கு இறக்கவேண்டியிருக்கும்.

எடுத்த எடுப்பில் 3-கூட வேண்டாம், மெதுவாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. முதல் ரொட்டீனில் வால்யூமை 2 என்று வைத்துவிட்டு, 5.50-க்கு இன்னொரு ரொட்டீன் போடுங்கள். அதில் பாட்டே வேண்டாம், வால்யூம் 3 என்ற ஒரே செயல் போதும். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு நிற்காமல் சத்தம் மட்டும் ஒரு படி ஏறும். அதிகாலைத் தூக்கத்தில் இருக்கும் வயதானவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்.

இதே மாதிரி இன்னொரு ரொட்டீன் கட்டாயம் வேண்டும். காலையில் நாம் இறக்கிய வால்யூம், பாட்டு முடிந்த பிறகும் அங்கேயே நிற்கும். எட்டு மணிக்கு அம்மா செய்தி கேட்டால், சமையலறையில் இருந்து ஒன்றும் காதில் விழாது. ``பெட்டி ரிப்பேர் ஆயிடுச்சு'' என்று போன் வரும். ஆகவே பாட்டை 6.15-க்கு நிறுத்திவிட்டு, 6.20-க்கு வால்யூமை 5-க்குக் கொண்டுபோகும் ஒரு ரொட்டீனைப் போட்டுவைத்தோம். பாட்டை நிறுத்துவதற்கு, மியூசிக் செயலைச் சேர்க்கும்போதே டைமர் வைக்கும் வசதி இருக்கிறது. அதில் 30 நிமிடம் வையுங்கள். உங்கள் ஆப்பில் அது கண்ணில் படவில்லை என்றால், 6.15-க்குத் தனி ரொட்டீன் போட்டு Device Settings-ல் இருக்கும் Stop Audio-வைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் ப்ளேலிஸ்ட் முடிந்த பிறகும் அது மாதிரியே வேறு பாட்டுகளை மியூசிக் ஆப் தானாகத் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருக்கும்.

இனி ப்ளேலிஸ்ட் விஷயம். `அலெக்ஸாவுக்கு அலாரத்திலேயே பாட்டு வைக்கலாமே, எதற்கு இத்தனை வேலை?' என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம். ஆனால், எக்கோவில் அலாரத்தின் சத்தமும் பாட்டின் சத்தமும் தனித்தனி அளவுகள். நாம் இத்தனை பாடுபட்டுப் பிடித்த 3, அலாரத்துக்குப் பொருந்தாது. பாட்டு கேட்கத்தான் வேண்டும், எழுப்ப அல்ல என்றால் ரொட்டீன்தான் சரி.

ப்ளேலிஸ்ட்டுக்குப் பெயர் வைப்பதில்தான் தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. அலெக்ஸா இந்தியாவில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசும். தமிழ் தெரியாது. சுப்ரபாதம் என்பதை ஆங்கிலத்தில் Suprabatham, Suprabhatham, Suprabhatam என்று ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள். நீங்கள் அந்தப் பெயரை வைத்தால், உங்கள் ப்ளேலிஸ்ட்டை விட்டுவிட்டு அதே பெயரில் யாரோ வெளியிட்ட வேறொன்றைப் பாடத் தொடங்கிவிடும். வாசகிக்கு ஒரு நாள் இப்படி அம்மாவுக்குப் புரியாத வேறு மொழிப் பக்திப்பாடல்கள் வந்திருக்கின்றன. `Morning', `Devotional' போன்ற பொதுப்பெயர்களும் வேண்டாம். அந்தப் பெயரில் ஆயிரம் இருக்கும். எந்தப் பாட்டுக்கும் ஆல்பத்துக்கும் இருக்க வாய்ப்பில்லாத, எளிய இரண்டு ஆங்கிலச் சொற்களை வையுங்கள். நாங்கள் வைத்த பெயர் `Blue Kitchen'. அம்மா வீட்டுச் சமையலறைச் சுவர் நீல நிறம். அதன்பிறகு ஒருமுறைகூட ஆள் மாறவில்லை.

உள்ளே என்ன பாட்டு வைக்கிறோம் என்பதும் வால்யூமோடு தொடர்புள்ளதுதான். எம்.எஸ்.சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-ல் வெளிவந்த இசைத்தட்டு. சுமார் 20 நிமிடம். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராகப் போகும். அதையடுத்து எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு ஒன்றை வைத்தால், உடுக்கையும் பம்பையும் சேர்ந்து, அதே 3-ல் இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். பாட்டில் குறை ஏதுமில்லை. ஒவ்வொரு ஒலிப்பதிவும் ஒவ்வொரு அளவில் இருக்கும், பழைய பதிவுகள் மெல்லியதாகவும் புதியவை அழுத்தமாகவும் இருக்கும். ஆகவே காலைக்கான பட்டியலை ஒருமுறை முழுதாக ஓடவிட்டு, எந்த இடத்தில் கை தானாக வால்யூமைத் தேடுகிறது என்று பாருங்கள். அந்தப் பாட்டை மாலைக்கு மாற்றிவிடுங்கள். நாங்கள் சுப்ரபாதத்துக்குப் பிறகு சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாடல்கள் இரண்டை மட்டும் வைத்தோம். 30 நிமிடத்துக்கு அது போதும்.

வரிசை மாறக்கூடாது என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இலவசத் திட்டத்தில் மியூசிக் ஆப் பயன்படுத்தினால் பாடல்கள் பெரும்பாலும் கலைந்துதான் வரும், நடுவில் விளம்பரமும் வரும். விடியற்காலை வீட்டில் சுப்ரபாதத்துக்கு நடுவே ஏதோ கடன் ஆப்பின் விளம்பரம் கூவினால் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே சந்தா கட்டலாம் என்பது என் கருத்து.

சந்தா கட்டினாலும் ஒரு சிக்கல் உண்டு. வாசகி தினமும் காலை 5.30-க்கு வாக்கிங் போகிறார், காதில் ஹெட்போன். அம்மா வீட்டு ஸ்பீக்கரும் அவர் போனும் ஒரே ஸ்பாட்டிஃபை கணக்கு. ஒருவர் கணக்கில் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் பாட்டு ஓடும். 5.45-க்கு அம்மா வீட்டில் பாட்டு ஆரம்பித்தால் இவர் காதில் நின்றுவிடும். இவர் மறுபடி ப்ளேயை அழுத்தினால் அங்கே நின்றுவிடும். `சில நாள் பாதியிலயே நின்னுடுதுடி' என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்ததன் காரணம் அதுதான். வைஃபை கோளாறு என்று நினைத்து இரண்டு முறை ஆள் வரவழைத்திருக்கிறார்கள்! இப்போது அம்மா வீட்டு ஸ்பீக்கருக்கு வேறொரு மியூசிக் ஆப்பை இணைத்துவிட்டார்.

ஸ்பீக்கர் மறுபடி வேண்டாம் என்று அம்மா சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ``நான் பேசறதையெல்லாம் அது கேட்டுக்கிட்டே இருக்காமே. பக்கத்து வீட்ல சொன்னாங்க'' என்றாராம். நியாயமான கவலைதான். இதற்கு எளிய வழி, ஸ்பீக்கரின் மேலே இருக்கும் மைக் பட்டனை அழுத்திவிடுவது. சிவப்பு விளக்கு எரியும். அதன்பிறகு யார் பேசினாலும் அதற்குக் கேட்காது. ஆனால், நேரம் வைத்துப் போட்ட ரொட்டீன் எதுவும் நிற்காது, ஏனென்றால் அதற்கு மைக்கே தேவையில்லை. காலையில் பாட்டு வழக்கம்போல வரும். சத்தத்தைக் குறைக்க, கூட்ட மேலேயே + மற்றும் − பட்டன்கள் இருக்கின்றன. மைக் அணைந்திருக்கும்போது `அலெக்ஸா, ஸ்டாப்' என்று சொன்னால் வேலை செய்யாது என்பதை மட்டும் சொல்லிவைத்துவிடுங்கள். பெரும்பாலான அம்மாக்கள் அதோடு பேசப்போவதும் இல்லை. பட்டனே அவர்களுக்குச் சௌகரியம்.

கூகுள் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கும் விஷயம் இதேதான். கூகுள் ஹோம் ஆப்பில் இதற்கு Automations என்று பெயர். அங்கேயும் நேரத்தைத் தொடக்கமாக வைத்து, முதலில் வால்யூம், அதன்பின் பாட்டு என்ற வரிசையில் சேர்த்து, எந்த ஸ்பீக்கர் என்பதைத் தேர்வு செய்யவேண்டும்.

ரொட்டீனால் முடியாத ஒன்று இருக்கிறது. அது ஸ்பீக்கருக்குள் இருந்து ஓடுவதில்லை, இணையம் வழியாக வரும் கட்டளை. 5.45-க்குக் கரன்ட் இல்லை அல்லது வைஃபை இல்லை என்றால் அன்றைய பாட்டு இல்லை. ஆறு மணிக்குக் கரன்ட் வந்த பிறகு விட்டுப்போனதை அது பாடாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஸ்பீக்கர், வைஃபை ரௌட்டர் இரண்டையும் அந்த லைனில் மாட்டுங்கள். ரௌட்டரை மறந்துவிட்டு ஸ்பீக்கரை மட்டும் மாட்டுபவர்கள்தான் அதிகம். அப்படி மாட்டினால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கும், பாட்டு வராது. ராத்திரியில் ரௌட்டரை அணைத்துவிட்டுப் படுக்கும் பழக்கமுள்ள வீடுகளிலும் இதே கதைதான்.

இன்னொன்று. அம்மா ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டிய வீட்டில் தினமும் 5.45-க்குப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ரொட்டீனை அழிக்கவேண்டாம். அதைத் திறந்தால் அணைத்துவைக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது; திரும்பி வந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். வாசகியின் அம்மா அடுத்த வாரம் கோவை வருகிறார். ஆனால், சுவிட்சை அணைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். ``ஆள் இருக்கற மாதிரி இருக்கட்டும்டி. திருட்டுப் பயம்'' என்று காரணம் சொல்லியிருக்கிறார். எதிர் வீட்டில் ஆட்சேபனை இல்லை என்றால் எனக்கும் இல்லை.